ழ வராத பிள்ளைக்கு டங் ட்விஸ்டர்: வேகமா சொன்னா போதுமா?

கூழாங்கல் | 3 ஜூன், இரவு 9.12

எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறவள் நான். ஒரு சந்தேகம், கொஞ்சம் எரிச்சலும் கூட. ழ வரலையா, டங் ட்விஸ்டர் சொல்லிக் கொடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. வாழைப்பழத்துல வழுக்கி விழுற கிழவியைத்தான் எல்லாரும் எடுத்துக் கொடுக்கறாங்க. பிள்ளைகளும் சந்தோஷமா "வாயப்பயம் வயுக்கி"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டுச் சிரிக்குதுங்க. நூறு தடவை சொன்னாலும் அது வாயப்பயம்தான்.

நான் சொல்றது இதுதான்: நம்மகிட்ட இருக்கிற பிரபலமான வாக்கியங்கள்ல பாதிக்கு மேல, ஒலி வராத குழந்தைக்கு உதவாது. மறுப்பு இருந்தா சொல்லுங்க. உதவும்னா எப்படிக் கட்டணும்னும் சொல்லுங்க.

வேகம்_வேணு | 3 ஜூன், இரவு 9.40

மெதுவா சொன்னா யாருக்கும் வரும். வேகத்துலதான் நாக்கு பழகும். நாடகக்காரங்க, செய்தி வாசிக்கிறவங்க எல்லாம் மேடை ஏறும் முன்னாடி இதைத்தானே சொல்லிப் பார்க்கறாங்க? பிள்ளைங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?

தெரபி மீனா | 4 ஜூன், காலை 7.05

வேணு, தனிச் சட்டம்தான். செய்தி வாசிக்கிறவருக்கு ழ ஏற்கெனவே வரும், ள-வும் வரும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நாக்கு சட்டுனு மாறணும்; அந்த மாறுற வேலைக்குத்தான் அவருக்குப் பயிற்சி. அதுக்கு வேகம் தேவை, நீங்க சொல்றது சரி.

ழ-வே வராத குழந்தைக்கு மாத்துறதுக்கு எதுவும் இல்லை. அது வேகமா பத்துத் தடவை சொன்னா, பத்துத் தடவையும் ய-வைத்தான் பழகுது. கூழாங்கல் சொல்ற "நூறு தடவை சொன்னாலும் வாயப்பயம்" அதுதான். பழக்கம் உறுதியாகுது, ஆனா தப்புப் பக்கம்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல காதுல வித்தியாசம் கேட்கணும். அப்புறம் ஒலி தனியா வரணும். அப்புறம் சொல்லுல. பாட்டு அதுக்கு அப்புறம்தான். ழ தனியா நீட்டிச் சொல்ல வந்து, சொல்லுக்குள்ள போட்டா மட்டும் தொலைஞ்சு போகுற கட்டம் ஒண்ணு இருக்கு. டங் ட்விஸ்டர் நல்லா வேலை செய்யறது அங்கதான்.

கூழாங்கல் | 4 ஜூன், காலை 7.31

தனியா வருதா வரலையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வகுப்புல முப்பது பிள்ளைங்க. எல்லாரும் சேர்ந்து பாடும்போது எல்லாமே ழ மாதிரிதான் கேட்குது.

தெரபி மீனா | 4 ஜூன், மதியம் 1.20

ஒவ்வொரு பிள்ளையையும் தனியா ஒரு நிமிஷம் கூப்பிட்டு "வாழ்" சொல்லச் சொல்லுங்க. கடைசி ஒலியை மூணு விநாடி நீட்டச் சொல்லுங்க. நீட்டும்போது வேஷம் கலைஞ்சிடும்.

நீட்ட நீட்ட அது "இ" மாதிரி ஆச்சுன்னா, குழந்தை போடுறது ய. நாக்கு நுனி கீழேயே படுத்திருக்கு, நடுநாக்குதான் எழும்புது. நீட்டவே முடியாம "ர்ர்"னு துடிச்சாலோ, ஒரு தட்டு தட்டி நின்னாலோ, அது ர. நாக்கு நுனி மேலே ஒட்டி, காத்து ரெண்டு பக்கமும் வழியற மாதிரிக் கேட்டா அது ள. எதுவுமே ஒட்டாம, நடுவுல காத்து தடையில்லாம வந்துக்கிட்டே இருந்தா ழ.

வரவைக்கிறதுக்கு நான் செய்யறது: "ஆ"ன்னு சொல்லச் சொல்லி, குரலை நிறுத்தாம நாக்கு நுனியை மெதுவா மேலே தூக்கிப் பின்னால மடக்கச் சொல்வேன். மேலண்ணத்தைத் தொடப் போற சமயத்துல நிறுத்தணும். தொட்டுட்டா ள ஆகிடும். கண்ணாடியில இது சரியாத் தெரியாது, அதனால கையைக் காட்டுவேன். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களைப் பின்பக்கமா மடக்கி, மேலே இருக்கிற இன்னொரு கையைத் தொடாம நிறுத்தினா ழ. தொட்டா ள. பிள்ளைங்க கையையும் நாக்கையும் சேர்த்தே அசைக்குங்க. பாட்டுக்கு நடுவுலயும் அந்தக் கைசைகையை வெச்சுக்கலாம்.

நாலுசீர் | 4 ஜூன், மாலை 6.48

அம்மையார் கூறியது தொல்காப்பியப் பிறப்பியலுக்குப் பொருந்தி வருகிறது. ரகாரமும் ழகாரமும் பிறக்க, நுனிநா உயர்ந்து அண்ணத்தை 'வருட' வேண்டும் என்கிறது நூற்பா. றகர னகரத்துக்கு 'ஒற்ற' வேண்டும். ர, ழ இரண்டையும் ஒரே நூற்பாவில் இணைத்திருப்பதைப் பார்த்தால், குழந்தை ழ-வுக்குப் பதில் ர போடுவதில் வியப்பில்லை என்பேன்.

பாட்டுக் கட்டுவது பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியங்களைப் பெரும்பாலும் சொல்லின் முதலெழுத்தை வைத்தே கட்டுகிறார்கள். நாமும் அதைப் பார்த்து மோனையில் கட்டப் பார்க்கிறோம். ழ, ள இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலில் வாரா. ஆகவே மோனை இங்கே கைகொடுக்காது. எதுகைதான் வழி. இரண்டாம் எழுத்து ழ-வாக உள்ள சொற்களை அடுக்கினால் வாழை, தாழை, கோழி, தோழி, மழை, பழம், குழி என்று வேண்டிய அளவு கிடைக்கும்.

கூழாங்கல் | 4 ஜூன், இரவு 8.15

ஐயா, இது எனக்குத் தோணவே இல்லை! மோனைக்குச் சொல் தேடித் தேடி வ-வுலயும் க-வுலயும் சுத்திக்கிட்டிருந்தேன். எதுகைன்னா பிள்ளைக்கும் லாபம் இருக்கு: ஒவ்வொரு சொல்லுலயும் ழ ஒரே இடத்துல வந்து நிக்குது. எப்ப மடக்கணும்னு நாக்குக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுது.

தெரபி மீனா | 4 ஜூன், இரவு 9.02

அதேதான். இந்தப் பாட்டுகள் வேலை செய்யறதுக்கு ஒரு காரணம் அது. ஒரே அசைவு ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப வருது, தாளம் அதை நினைவூட்டுது. இன்னொரு காரணம் அலுப்பு இல்லாமை. அட்டையைக் காட்டி "பழம் சொல்லு, மழை சொல்லு"ன்னா அஞ்சு வயசுப் பிள்ளை நாலாவது அட்டையில எழுந்து போயிடும். பாட்டுன்னா நாற்பது ழ-வை முணுமுணுக்காம சொல்லிடும்.

ஐயாவோட பட்டியல்ல இருந்தே ஒண்ணு சேர்க்கறேன். முதல்ல எடுக்க வேண்டியது நெடில் உள்ள சொற்கள்: கோழி, வாழை, தாழை, தோழி, கூடவே ஏழு. "கோ"வை நீட்டுற நேரத்துல நாக்கு மடங்க அவகாசம் கிடைக்கும். மழை, பழம், குழி மாதிரிக் குறில் சொற்கள்ல அந்த அவகாசம் பாதிதான். இ, ஈ-க்குப் பின்னால வர்ற ழ இன்னும் கடினம். அந்த உயிருக்கு நாக்கோட நடுப்பகுதி முன்னால உயர்ந்து நிக்குது, ழ-வுக்கு நுனி பின்னால போகணும். ரெண்டும் எதிரெதிர் இழுப்பு. "தமிழ்" என்ற சொல்லையே முதல் பாடமா வைக்கிற வழக்கத்தை நான் ரசிக்கிறதில்லை. குறில் இகரம், அதுவும் ழ் கடைசியில.

ஸ்கார்பரோ அம்மா | 5 ஜூன், காலை 5.50

என்ட மகளுக்கு ஆறு வயசு, இங்க கனடாவில பிறந்தவ. அவ "பழம்" எண்டு சொல்லேக்க இங்கிலீஷில 'ரெட்', 'ரன்' எண்டு வாற ர மாதிரி இருக்கு. அம்மம்மா இது தமிழே இல்ல எண்டு பேசுறா. எங்கட வீட்டில பெரியாக்கள் எல்லாரும் "பளம்" எண்டுதான் சொல்லுவம், அது வேற கதை. இப்ப நான் இதத் திருத்த வேணுமோ?

தெரபி மீனா | 5 ஜூன், காலை 8.30

அம்மம்மாகிட்ட சொல்லுங்க, உங்க வீட்டிலேயே அவ சொல்றதுதான் ழ-வுக்குப் பக்கத்துல வந்திருக்கு. அங்கத்து ர-வும் நம்ம ழ-வும் எதையும் தொடாம வர்ற ஒலிகள். வித்தியாசம் பெரும்பாலும் உதட்டுலதான்: அவ உதட்டைக் குவிச்சிருப்பா. "சிரிச்சுக்கிட்டே சொல்லு"ன்னு சொல்லுங்க. உதடு விரிஞ்சா பாதி சரியாகிடும். மிச்சம், நாக்கு இன்னும் கொஞ்சம் பின்னால மடங்கணும்.

குட்டி அப்பா | 5 ஜூன், காலை 10.11

என் பையன் "ப்ப்ப் பழம்"னு முதல் எழுத்துலயே நின்னு நின்னு பேசறான். வயசு நாலரை. டங் ட்விஸ்டர் கொடுத்தா சரியாகும்னு சொன்னாங்க. இங்கே இருக்கிற பாட்டுல எதைத் தரட்டும்? கூடவே வசம்பு உரசி நாக்குல தடவலாமான்னு அம்மா கேட்கறாங்க.

தெரபி மீனா | 5 ஜூன், மதியம் 12.45

எதையும் தராதீங்க. இது திக்கல், ஒலி வராத பிரச்சினை இல்லை. அவனுக்கு ப நல்லாவே வருது, தொடங்கறதுதான் சிக்குது. வேகமும் போட்டியும் அதை அதிகமாக்கலாம். அவன் பேசும்போது முடிக்கிற வரைக்கும் காத்திருங்க, "மெதுவா பேசு"ன்னு திருத்தாதீங்க, நேர்ல ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க. வசம்பு வேண்டாம். நாக்குல தடவறதால பேச்சு திருந்தாது, வயித்துக்கும் நல்லதில்லை.

வேகம்_வேணு | 5 ஜூன், மாலை 4.00

அப்ப நாக்குக்கு அடியில இருக்கிற நரம்பு ஒட்டிக்கிட்டிருந்தா? எங்க சொந்தத்துல ஒரு பையனுக்கு அதை வெட்டி விட்டாங்க.

தெரபி மீனா | 5 ஜூன், மாலை 4.22

ல, ட, ள மூணும் தெளிவா வர்ற பிள்ளைக்கு நாக்கு மேலே போகுதுன்னு அர்த்தம். அப்ப ழ மட்டும் வராததுக்கு அந்த ஜவ்வு காரணமா இருக்காது. மூணுமே வரலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

கூழாங்கல் | 6 ஜூன், இரவு 10.30

சரி, முதல் படி. நெடில் மட்டும், ழ மட்டும். நாலு நாலு சொல்லா ரெண்டு வரி, ஒரு சொல்லுக்கு ஒரு கைதட்டு.

> கோழி ஏழு, வாழை ஏழு,
> வாழைக்குக் கீழே கோழி ஏழு.

எட்டுச் சொல்லு, எட்டு ழ. ர இல்லை, ல இல்லை, ள இல்லை. "கீழே" ஒண்ணுதான் ஈகாரம், ஆனா அது இல்லாம கோழியை எங்கே நிறுத்துறதுன்னு தெரியலை.

ரெண்டாவது படி, பெரும்பாலும் குறில்:

> வாழை பழுத்தது, மழையும் பொழிந்தது,
> பழமும் விழுந்தது, குழியில் முழுகியது.

நாலுசீர் | 7 ஜூன், காலை 6.10

முதற்பாட்டு நன்று. இரண்டாவதில் எதுகை சிறப்பு. எட்டுச் சொல்லிலும் இரண்டாமெழுத்து ழகரமே. ஆயினும் 'குழியில்' என்பதன் ஈற்றைக் காண்க. லகர ஒற்று நுழைந்துவிட்டது.

தெரபி மீனா | 7 ஜூன், காலை 9.15

ஐயா கண்ணுல எண்ணெய் விட்டுப் பார்க்கிறவர். தமிழ்ல பாட்டுக் கட்டும்போது பெரிய ஆபத்தே இதுதான். வேர்ச்சொல்லை ஜாக்கிரதையா தேர்ந்தெடுப்போம், விகுதியில எதிரி உள்ளே வந்துடுவான். "இல்", "ஆல்" ரெண்டும் ல் கொண்டு வரும். "கள்", "உள்", "விழுந்தாள்" மூணும் ள் கொண்டு வரும். "இல்லை"ன்னு எழுதினா ல்ல. கூழாங்கல் முதல்ல சொன்ன கிழவி வாக்கியம் கடைசியில "விழுந்தாள்"னு முடியுதே, அதுலயும் ழ முடிஞ்ச கையோட ள் வந்து நிக்குது. ழ-வை இப்பத்தான் பிடிச்ச குழந்தைக்கு அது கண்ணிவெடி.

முதல் ரெண்டு படியிலும் "ஐ", "கு", "உம்", "து" மட்டும் வெச்சு ஓட்டுங்க. கிழவிக்குப் பதில் கோழி விழட்டும், "விழுந்தது"ன்னு முடிஞ்சிடும்.

கூழாங்கல் | 7 ஜூன், இரவு 7.44

கடைசி ரெண்டு சீரையும் மாத்திட்டேன். "பழமும் விழுந்தது, கூழும் குழைந்தது." பழம் விழுந்து கூழ் எப்படிக் குழையும்னு யாரும் கேட்காதீங்க. கூழ்ப் பானைக்குள்ள விழுந்துச்சுன்னு படம் வரைஞ்சு காட்டிட்டேன், வகுப்பு ஏத்துக்கிச்சு.

இன்னொரு கேள்வி. பிள்ளைங்க பேசறது "விழுந்துச்சு", "பழுத்துச்சு". நான் "விழுந்தது"ன்னு எழுதறேன். பாட்டுல வர்ற ழ பேச்சுக்குப் போகணும்னா பேச்சுத் தமிழ்லயே எழுதணுமோ?

நாலுசீர் | 7 ஜூன், இரவு 8.05

எழுத்துத் தமிழே தேவை. பாட்டு வழியாகவாவது ஒரு முறை காதில் விழட்டும்.

தெரபி மீனா | 7 ஜூன், இரவு 8.50

நான் "விழுந்துச்சு" கட்சி. பயிற்சி நடந்த சொல்லும் அடுப்படியில சொல்ற சொல்லும் ஒண்ணா இருந்தா சீக்கிரம் ஒட்டும். ஐயா ஒத்துக்க மாட்டார், தெரியும்.

தென்காசிக்காரன் | 8 ஜூன், காலை 11.20

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு விஷயம் கேக்கட்டுமா? எங்க பக்கம் அய்யா, ஆச்சி, வாத்தியார் முதக்கொண்டு எல்லாரும் "பளம்", "வாளைமரம்"னுதான் சொல்லுதோம். பிள்ளை வீட்டுல கேக்கதத்தான் சொல்லும். அதுக்குப் போயி பயிற்சின்னா, எங்க ஊரே நோயாளியா?

தெரபி மீனா | 8 ஜூன், மதியம் 2.10

இல்லை அண்ணாச்சி. ஊரே சொல்ற ஒலி குறை இல்லை, அது வட்டார வழக்கு. சென்னைப் பக்கத்துல "வாயப்பயம்" சொல்ற தெருவுலயும் அப்படித்தான். நான் பார்க்கிறது, வீட்டுல எல்லாரும் ழ சொல்ல, குழந்தைக்கு மட்டும் வராத இடத்தை. அதுவும் நாலு வயசுல வரலைன்னா கவலைப்பட மாட்டேன், ழ தாமதமா வர்ற ஒலி.

உங்க ஊர்ப் பிள்ளை பள்ளியில வாசிக்க, மேடையில பேச ழ வேணும்னு விரும்பினா, அது இன்னொரு உடுப்பு போட்டுக்கிற மாதிரி. கத்துக்கலாம். வீட்டுல "பளம்" சொன்னா திருத்தக் கூடாது.

கூழாங்கல் | 8 ஜூன், மாலை 5.25

பள்ளியில நான் அதை எப்படிப் பிரிக்கிறது? ஒரே பெஞ்சுல ரெண்டு வகைப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கு. சோழவந்தான்ல இருந்து வந்த பிள்ளையைத் திருத்தாம பக்கத்துப் பிள்ளையை மட்டும் திருத்தினா என்ன நியாயம்?

தென்காசிக்காரன் | 8 ஜூன், மாலை 6.02

அதத்தான் நானும் கேக்கேன்.

நாலுசீர் | 8 ஜூன், மாலை 6.30

எழுத்து மூன்று இருக்கையில் ஒலியும் மூன்று இருத்தல் வேண்டும் என்பதே என் தரப்பு. வழக்கு என்று விட்டுவிட்டால் வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகும்.

தெரபி மீனா | 8 ஜூன், இரவு 9.00

இதுல நாம மூணு பேரும் ஒத்துப்போக மாட்டோம். பாட்டுக்கு வர்றேன்.

மூணாவது படி, கலவை. இங்கதான் நிஜமான டங் ட்விஸ்டர் தொடங்குது. ரெண்டாவது படியைக் குழந்தை மூணு சுத்து தடுக்காம சொன்ன பிறகுதான் இதைத் தொடணும். எதிரி ஒருத்தனை மட்டும் சேர்க்கணும். ழ-வுக்குப் பதில் ள போட்ட பிள்ளைக்கு ள, ல போட்ட பிள்ளைக்கு ல. மூணையும் ஒரே பாட்டுல போட்டு "ல ள ழ மூணும் வருது பாரு"ன்னு பெருமைப்படறதை நிறைய இடத்துல பார்க்கறேன். எந்த ஒலி எங்கே தடுக்குதுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது.

நான் கட்டினது இது. ழ, ள மட்டும்:

> கிளி கிழித்தது,
> பழம் குளத்துக்குள் விழுந்தது,
> குளம் குழம்பியது,
> தவளை மூழ்கியது.

கிளியையும் கிழித்ததையும் பக்கத்துல வெச்சதுக்குக் காரணம் உண்டு. ஒரே க, ஒரே இகரம், நடுவுல இருக்கிற ஒலி மட்டும் மாறுது. குளம், குழம்பு ரெண்டும் அப்படித்தான். நம்ம மூளை அடுத்த சொல்லை முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கும். ரெண்டு சொல்லும் இவ்வளவு ஒத்திருந்தா அடுத்ததோட ஒலி இதுக்குள்ள எட்டிப் பார்க்கும். பெரியவங்களுக்கும் நாக்கு புரள்றது அதனாலதான்.

இப்ப வரிசையைப் பாருங்க. முதல் வரி ள, ழ. ரெண்டாவது வரி ழ, ள, ள், ழ. அதாவது முதல் வரியில பழகின வரிசை ரெண்டாவதுல திரும்பிப் போகுது. தடுக்கறது பெரும்பாலும் "குளத்துக்குள் விழுந்தது"லதான். பிள்ளை "குழத்துக்குள்"னோ, "விளுந்தது"ன்னோ சொல்லும். எந்தப் பக்கம் தவறுதுன்னு குறிச்சு வெச்சுக்கங்க. "விளுந்தது"ன்னா ழ இன்னும் பலமாகலை, ரெண்டாவது படிக்குத் திரும்பணும். "குழத்துக்குள்"னா நல்ல அறிகுறி: ழ புதுசா வந்த உற்சாகத்துல எல்லா இடத்துலயும் வருது. கலவையைத் தொடரலாம்.

மூணு, நாலு வரிகள் மறுபடி ள, ழ-ன்னு சமவெளி. மூச்சு விட இடம் வேணுமில்லையா.

வேகம்_வேணு | 8 ஜூன், இரவு 9.38

நானும் சொல்லிப் பார்த்தேன். "குளத்துக்குள் விளுந்தது"ன்னு போயிடுச்சு. எனக்கு வயசு நாற்பத்தெட்டு.

தெரபி மீனா | 8 ஜூன், இரவு 9.41

இப்ப உங்களுக்குத்தான் வேகம் பொருந்தும் :) பிள்ளைக்குத் தொடக்கம் நிமிஷத்துக்கு 60 தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு சொல். மூணு சுத்து சுத்தமா வந்தா 70, அப்புறம் 80. ஒரே இடத்துல ரெண்டு தடவை தவறினா பழைய வேகத்துக்கு இறக்கணும். போன்ல மெட்ரோனோம் செயலி போதும்.

கூழாங்கல் | 9 ஜூன், இரவு 10.05

தாளம் பத்தி ஒண்ணு கவனிச்சேன். நான் முதல்ல போட்ட மெட்டுல சொல்லோட முதல் எழுத்துக்குத்தான் தட்டு விழுந்துச்சு. KO-ழி, VAA-ழைன்னு எழுதிக் காட்டலாம், அப்படி. முதல் அசை பெருசா, ழ சின்னதா, விழுங்கின மாதிரி. பிள்ளைங்க ழ-வை மெட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சுடறாங்க. தட்டை நகர்த்தி கோ-ழி, ஏ-ழு, வா-ழைன்னு ரெண்டாவது அசைக்குக் கொண்டு வந்தேன். "கோ" தட்டுக்கு முன்னாடி இழுபடுது, தட்டுல ழ வந்து உட்காருது. யார் ய போடறாங்கன்னு எனக்கே இப்ப தெளிவா கேட்குது.

ஆனா ரெண்டாவது பாட்டுல இது நடக்கலை. "பழுத்தது", "பொழிந்தது"ல ழ-வுக்குத் தட்டு வெச்சா சொல்லே நொண்டுது.

நாலுசீர் | 10 ஜூன், காலை 6.25

நொண்டத்தான் செய்யும். 'வாழை' நேர் நேர். ழை தனி அசை, தாளம் அதன்மேல் தயங்காமல் அமரும். 'பழுத்' நிரையசை, குறில் இரண்டும் ஒட்டி ஓரசையாக நிற்கும், நடுவே தட்டு விழுந்தால் அசை உடையும். அவ்விடத்தில் 'பழுத்' முழுவதற்கும் ஒரு தட்டு வைக்க.

தெரபி மீனா | 10 ஜூன், காலை 9.50

இவ்வளவு நாளா நெடில் சொல் சுலபம்னு கைப்பழக்கத்துல சொல்லிக்கிட்டிருந்தேன். யாப்பு இலக்கணத்துல காரணம் இருக்கும்னு நினைக்கலை.

ஸ்கார்பரோ அம்மா | 10 ஜூன், மாலை 3.15

கோழிப் பாட்டு இங்க நல்லா ஓடுது. சிரிச்சுக்கொண்டு சொல்லச் சொன்னன், உதடு குவியிறது குறைஞ்சிட்டுது. கிளிப் பாட்டில மட்டும் அவ ள-வையும் ழ மாதிரியே சொல்றா. "கிழி கிழித்தது".

தெரபி மீனா | 10 ஜூன், மாலை 5.40

அவளுக்கு ள இன்னும் தனியா பிரியலை. ள்ள வர்ற சொல்லைக் கொடுங்க: பள்ளம், வெள்ளை, துள்ளி, முள்ளு. இரட்டிக்கும்போது நாக்கு மேலே ஒட்டி நிக்கறது அவளுக்கே தெரியும். ழ தமிழ்ல இரட்டிக்காது, அதனால ள்ள-வுல குழப்பத்துக்கே இடமில்லை. "வெள்ளைப் புள்ளி துள்ளித் துள்ளி"ன்னு ஒரு வரி போதும், அப்புறம் கிளி.

இன்னொரு வழி, சொல் தவறினா பொருள் மாறுற ஜோடிகளை விளையாட்டா வைக்கறது. குளி, குழி அட்டை ரெண்டு எழுதி, அவ சொல்றதை நீங்க நடிக்கணும். "குளி"ன்னா தண்ணி ஊத்திக்கிற மாதிரி, "குழி"ன்னா மண்ணு தோண்டற மாதிரி. அவ குளின்னு நினைச்சுக் குழின்னு சொல்லி, நீங்க மண்ணு தோண்ட ஆரம்பிச்சா, திருத்தவே தேவையில்லை. அவளே மறுபடி சொல்லுவா.

கூழாங்கல் | 10 ஜூன், இரவு 9.20

ர, ற-வுக்கு இதே மாதிரி ஒண்ணு கட்டலாமா? அரம், அறம். கரை, கறை. பெற்றோர் கேட்கறாங்க.

தெரபி மீனா | 10 ஜூன், இரவு 9.55

கட்டலாம், ஆனா யாருக்காக? தமிழ்நாட்டுல பெரும்பாலான பேச்சுல தனியா வர்ற ர-வும் ற-வும் ஒண்ணாத்தான் ஒலிக்குது. கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் தெளிவா பிரிச்சுக் கேட்கலாம். சொல்லிக் கொடுக்கிற டீச்சர் வாயிலயே வித்தியாசம் இல்லைன்னா பிள்ளை எதைப் பிடிக்கும்? அது எழுத்துப்பிழைப் பயிற்சி, ஒலிப் பயிற்சி இல்லை. அதுக்குப் பார்த்து எழுதறதுதான் சரி.

நாலுசீர் | 11 ஜூன், காலை 6.00

இதை நான் ஏற்கவில்லை. தனி இழை தொடங்குகிறேன்.

தென்காசிக்காரன் | 11 ஜூன், காலை 10.35

நானும் ஒண்ணு கட்டிட்டேன், பாத்துச் சொல்லுங்க. ல-வும் ள-வும், எங்க ஊருக்கு ஏத்த மாதிரி:

> வேலு வேலை வேளைக்கு வேணும்,
> வேளை போனா வேலை போகும்.

தெரபி மீனா | 11 ஜூன், காலை 11.12

அருமை. ர இல்லை, ழ இல்லை, ல, ள-வுக்கு முன்னாடி எல்லா இடத்துலயும் அதே ஏகாரம். ஒரு திருத்தம் மட்டும்: முதல் வரியில "வேலு வேலை"ன்னு ரெண்டு ல-வுக்குப் பின்னாடிதான் ள வருது, ரெண்டாவது வரி ள-வுல தொடங்குது. தொடக்கத்துக்கு இது கொஞ்சம் செங்குத்து. "வேலு"வை எடுத்துட்டு "வேலை வேளைக்கு வேணும்"னு ஒரு வாரம் ஓட்டுங்க, அப்புறம் வேலுவைக் கூப்பிடலாம்.

தென்காசிக்காரன் | 11 ஜூன், காலை 11.30

வேலு எம் பேரனாக்கும். அவன் பேரை எடுத்தா பாட மாட்டான்.

கூழாங்கல் | 11 ஜூன், மதியம் 12.04

பேரைக் கடைசிக்குத் தள்ளுங்க அண்ணாச்சி. "வேலை வேளைக்கு வேணும் வேலு." ல, ள முடிஞ்சு, "வேணும்"ல மூச்சு விட்டு, பேருல வந்து நிக்கும்.